ராசம்மாவின் அரைப் பேர்

எங்கள் லயத்து வீட்டு வரிசையில் ராசம்மா அக்காவின் காம்பராவும் என் காம்பராவும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. அவள் இருமினால் நான் விழித்துக்கொள்வேன். நான் என் புருசனைத் திட்டினால், விட்டுப்போன வார்த்தையை அவள் அந்தப் பக்கமிருந்து எடுத்துக் கொடுப்பாள். ஆகவே அவளைப் பற்றிப் பேச எனக்கு எல்லா உரிமையும் உண்டு. அவள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

பெரகல சந்தியில் இறங்கி, காற்று ஆளைத் தள்ளாத நாளாகப் பார்த்து மேலே ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து எடுப்பதில் ராசம்மா அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. கை வேகம் ஒரு பக்கம், வாய் வேகம் இன்னொரு பக்கம். பக்கத்து நிரையில் யாராவது முற்றின இலையைப் பிடுங்கிவிட்டால் போதும், பிடுங்கினவளுடைய பரம்பரையே மலையில் நாறிப்போகும். அப்படிப்பட்டவள் ஒரு மழைக்காலையில், புல் மூடிக் கிடந்த தண்ணீர்க் கானுக்குள் கால் வைத்து விழுந்தாள். வலது கணுக்கால் எலும்பு உடைந்தது. நாங்கள் அலறிக்கொண்டு ஓடினால், அவள் கானுக்குள் கிடந்தபடியே, "மொதல்ல பையப் புடிங்கடி, கொழுந்து கொட்டுது," என்கிறாள்.

பதுளை ஆஸ்பத்திரியில் சிமெண்டுக் கட்டுப் போட்டார்கள். வேலை நேரத்தில் நடந்த விபத்து என்பதால் தோட்டத்து வெல்பெயார் தினேஸ் தம்பி அறிவிக்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் அறிவித்தான். தினேஸ் எங்கள் கீழ்லயத்துப் பிள்ளைதான். படித்து அதே தோட்டத்துக்கே நலன்புரி அதிகாரியாக வந்தவன். நல்ல பையன், ஆனால் அவசரக்காரன். கட்டுப் பிரித்த பிறகு அக்கா பதுளைக்குப் போய்க் கால் பயிற்சி பழக வேண்டியிருந்தது. துணைக்கு யார்? நான்தான். அன்றைக்கெல்லாம் எனக்கும் பேர் விழாது, கூலி போச்சு. இதைச் சொல்லிக்காட்டினால் அவள், "பஸ்ஸுல சன்னலோரம் நீதான ஒக்காந்த," என்பாள்.

பயிற்சி கொடுத்தவர் வதனி மிஸ். யாழ்ப்பாணத்துப் பெண். பொறுமையென்றால் அப்படியொரு பொறுமை. குதிகாலை உயர்த்தி இறக்கு, ஒற்றைக்காலில் நில், துவாய்த் துண்டைப் பாதத்தில் போட்டு இழு என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டுவார். எலும்பு டாக்டரும் அவருமாகச் சேர்ந்து ஒரு கடிதம் கொடுத்தார்கள். எலும்பு ஒட்டிவிட்டது, வேலைக்குத் திரும்பலாம், ஆனால் ஒரேயடியாக மலைக்கு விடக்கூடாது. முதலில் அரை நாள், சமதரையில், உட்கார்ந்து செய்யும் வேலை. சுமை கூடாது, சரிவு கூடாது. கால் ஒத்துழைத்தால் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். இவ்வளவுதான் அதிலிருந்தது. தினேஸ் அதை வாங்கிப் படித்து, தவறணையில் பைக்கு மண் நிரப்பும் வேலையை ஏற்பாடு செய்தான். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், எங்களுக்குத் தவறணை என்றால் தேயிலைக் கன்று வளர்க்கும் இடம். நிழல் வலை போட்டிருக்கும், சின்னப் பலகை போட்டு உட்காரலாம். அந்தக் காலுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

வினை வந்தது பெரட்டுக் களத்தில். காலையில் எல்லாரும் கூடி நிற்க, கணக்கப்பிள்ளை இராசையா ஐயா ஆள் பெயரும் அன்றைய வேலையும் கூப்பிடுவார். அவருடைய குரல் பக்கத்துத் தோட்டத்துக்கும் சேர்த்துக் கேட்கும். தினேஸ் அவரிடம் 'அரை நாள்' என்று சொல்லியிருந்தான். அவர் நெஞ்சை நிமிர்த்திக் கூப்பிட்டார்.

"ராசம்மா. தவறணை. அரைப் பேர்."

பேர் என்றால் எங்களுக்கு ஒரு முழு நாள் வேலை. பிந்தி வந்தவள், கொழுந்து குறைவாகக் கொண்டுவந்தவள், ஏய்த்துத் திரிந்தவள், இவர்களுக்குத்தான் அரைப் பேர். அது கூலிக் குறைவு மட்டுமில்லை, ஊர் முன்னால் விழும் குட்டு. ராசம்மா அக்கா பெரட்டில் நிற்கத் தொடங்கிய காலத்திலிருந்து அவள் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல் வந்ததே இல்லை. யாருக்காவது அரைப் பேர் விழுந்தால் சாயங்காலம் வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பவளே இவள்தான். அன்றைக்கு மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

அவள் யாரையும் திருப்பித் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முகம் சிவக்க, கைத்தடியை ஊன்றிக்கொண்டு தவறணைக்குப் போனாள். மத்தியானம் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போக வேண்டியவள், பின்பக்கக் குறுக்குப் பாதையால் ஊர்ந்து ஊர்ந்து நாங்கள் நின்ற மலைக்கே வந்துவிட்டாள்.

"என்னக்கா இது, ஒனக்கு மூளை கீளை இருக்கா?"

"வாய மூடு. சும்மா நிக்கத்தான் வந்தேன்."

நின்றாளா? கை சும்மா இருக்குமா அவளுக்கு? அவள் பெயருக்கு அங்கே நிரை கிடையாது. ஆகவே ஆளாளுக்குப் பக்கத்தில் நின்று பறித்து, ஒவ்வொருத்தி பையிலும் ஒரு கை, இரண்டு கை என்று போட்டுக்கொண்டே போனாள். பேரும் விழாது, காசும் வராது. பின்னே எதற்கு என்று கேட்டேன். "நான் அரை ஆளு இல்லன்னு இந்த மலைக்குத் தெரியணும்," என்றாள். மலைக்குத் தெரிந்ததோ இல்லையோ, காலுக்கு நன்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் மத்தியானம் இதே கூத்து. அடுத்த முறை பதுளைக்குப் போகும்போது அவளுடைய கணுக்கால் செருப்பு வாருக்குள் அடங்கவில்லை.

வதனி மிஸ் காலைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"என்ன வேலை செய்யுறீங்கள் அம்மா?"

"தவறணையில இருக்கேன் மிஸ்."

"எங்க?"

"தவறணையில. காலைல போனா மத்தியானம் வரைக்கும் அங்கதான் குந்தியிருப்பேன்."

மிஸ் பேனாவைக் கீழே வைத்தார். "ஆர் உங்களை அங்க விட்டது?"

"தோட்டத்துலதான் மிஸ். நம்ம வெல்பெயார் தம்பிதான் அனுப்பினாரு. நல்ல எடம்தான், நெழலா இருக்கும்."

"அங்க என்ன செய்யுறீங்கள்?"

"நெரப்புறது. ஊத்துறதுக்கு வேற ஆளு இருக்கு மிஸ். காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா ஊத்துவாங்க. அத என்னையத் தொட விடமாட்டாங்க, வழுக்கும்னு."

மிஸ்ஸின் கை தொலைபேசியைத் தேடியது. எனக்கு அப்போதும் விளங்கவில்லை. தினேஸின் இலக்கம் அக்காவின் ஆஸ்பத்திரிக் கோப்பிலேயே இருந்தது. மிஸ் அவனைப் பிடித்து, இவ்வளவு நாளும் நான் கேட்டிராத குரலில் ஆரம்பித்தார். "தம்பி, கால் உடைஞ்ச ஒரு பொம்பிளையை நீங்கள் தவறணையில சாராயம் நிரப்ப விட்டிருக்கிறீங்கள். இதுவோ உங்கட மறுவாழ்வுத் திட்டம்?"

அந்தப் பக்கம் தினேஸ் பதறினான். "மிஸ், அது தேயிலைக் கன்னுத் தவறணைங்க மிஸ். பையில மண்ணு நெரப்புறாங்க. ஊத்துறது தண்ணிங்க," என்பது எங்களுக்கும் கேட்டது. யாழ்ப்பாணத்தில் தவறணை என்றால் கள்ளுக்கடையும் சாராயக்கடையுமாம், அது எங்களுக்கு எங்கே தெரியும்? நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். மிஸ் முதலில் நெற்றியைப் பிடித்தார், பிறகு சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பக்கத்துக் கட்டிலில் கைக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்த நஸீர் நானா, "அப்ப அங்க வேலை காலியில்லையா," என்று கேட்டார்.

சிரித்து முடித்ததும் மிஸ் மறுபடி காலைப் பார்த்தார். அங்கேதான் அவருடைய கெட்டித்தனம்.

"மண் நிரப்புற வேலைக்கு இப்பிடி வீங்காது. வேற என்ன செய்யுறீங்கள்?"

அக்கா கூரையைப் பார்த்தாள். என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு மலைக்கு ஏறுகிறாள், தடியோடு ஏறுகிறாள், சொல்லச் சொல்லக் கேட்க மாட்டேன் என்கிறாள் என்று கொட்டித் தீர்த்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னோடு பேசமாட்டாள் என்று தெரிந்தும் கொட்டினேன்.

"ஏன் அம்மா?"

"அரைப் பேர்னு கூப்பிட்டாங்க மிஸ். அத்தனை பேருக்கு முன்னாடி."

மிஸ்ஸுக்கு இதுவும் விளங்கவில்லை. "அரைப் பேர் எண்டால்? ராசம்மா எண்டு முழுசாக் கூப்பிடாமல் ராசா எண்டு கூப்பிட்டவையோ?"

"ராசான்னு கூப்பிட்டிருந்தா பரவாயில்லையே," என்றாள் அக்கா. சொன்ன வேகத்தில் அவள் கண் நிறைந்துவிட்டது. அவள் அழுது நான் பார்த்ததில்லை. கானுக்குள் எலும்பு உடைந்து கிடந்தபோதுகூட அழவில்லை. எனக்கு அந்த இராசையாக் கணக்கப்பிள்ளையைப் பிடித்துத் தவறணைத் தொட்டிக்குள் தள்ள வேண்டும்போல் ஆத்திரம் வந்தது.

நான் விளக்கிச் சொன்னேன். மிஸ் எழுதுவதை விட்டுவிட்டு, அக்காவுக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இஞ்ச பாருங்கோ அம்மா. ஒட்டின எலும்பு தாங்கும். ஆனா சுத்தியிருக்கிற சதையும் நரம்பும் இவ்வளவு நாளும் படுத்துக் கிடந்தது. அதைப் பழக்கித்தான் எழுப்ப வேணும். அரை நாள் எண்டு நான் எழுதினது மருந்து மாதிரி ஒரு அளவு. கூடப் போட்டால் கெடுதல். இப்பிடியே ஏறினீங்கள் எண்டால் ஒருநாள் கால் மடங்கித் திரும்ப விழுவீங்கள். அதுக்குப் பிறகு மலைக்குப் போகலாம் எண்டு நான் எழுதித் தரமாட்டன்."

"போகவே முடியாதா?"

"அந்தச் சரிவில ஏலாமல் போகலாம்."

அக்கா குனிந்து தன் காலைப் பார்த்தாள். புருசன் போன பிறகு அவளுக்கு இருப்பது கொழுந்து எடுக்கும் பத்தாம் நம்பர் மலையும் அதிலிருக்கும் அவளுடைய நிரையும்தான். மகள் கொழும்புக்குக் கூப்பிடுகிறாள், போகமாட்டாள். அந்த மலைக்குத் திரும்பி ஏறுவதா, காலம் பூராவும் கீழே இருந்து அண்ணாந்து பார்ப்பதா என்பதுதான் இப்போது அவள் முன்னால் நின்றது.

மிஸ் மறுபடியும் தினேஸைக் கூப்பிட்டார். இந்த முறை குரலில் சூடு இல்லை. "தம்பி, கடிதத்தை வாசிச்சுப்போட்டு நீங்களும் கணக்கப்பிள்ளையும் முடிவெடுத்தீங்கள். இவவிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களோ? மூண்டு பேருமா இருந்து கதையுங்கோ. அப்பதான் அது இவவின்ர திட்டமும்."

அடுத்த நாளே தவறணையில் கூட்டம். தினேஸ், இராசையா ஐயா, ராசம்மா அக்கா. என்னை யாரும் கூப்பிடவில்லை, நான் போனேன். கணக்கப்பிள்ளைக்கு நடந்தது தெரிந்ததும் பாவம், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் வேணும்னு சொல்லல ராசம்மா. அரை நாளுக்கு அரைப் பேர்தான வழக்கம். வேற என்னான்னு கூப்பிடுறது?"

"சுகவீனப் பேர்னு கூப்பிடலாம்," என்றான் தினேஸ்.

"என்னைய நோயாளியாக்குறியா தம்பி?"

"மெதுவேலைன்னு?"

"நான் மெதுவா வேலை செய்றேன்னு ஊரு சொல்லவா?"

இப்படியே ஏழெட்டுப் பெயர் போய் விழுந்தது. கடைசியில் அக்காவே ஒரு வழி சொன்னாள். கொந்தரப்பு. எங்களுக்கு எல்லாருக்கும் தெரிந்த முறைதான் அது. இவ்வளவு வேலை என்று அளந்து கொடுப்பார்கள், முடித்தால் முழுப் பேர், வீட்டுக்குப் போகலாம். கான் வெட்டுகிறவர்களுக்கு உண்டு. பை நிரப்புவதற்கும் ஏன் அளந்து கொடுக்கக்கூடாது? மத்தியானத்துக்குள் முடியும் அளவுக்கு, காலுக்கு ஏற்ற அளவுக்கு. தினேஸுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தோட்டத்துத் துரையிடம் ஓடிப்போய்ச் சம்மதம் வாங்கி வந்தான். வதனி மிஸ்ஸிடமும் கேட்டான். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கூட்டுவதென்றால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கூட்ட வேண்டும். நேரத்தைக் கூட்டினால் வேலை அதேபோல இருக்க வேண்டும், வேலையை மாற்றினால் நேரத்தைக் குறைக்க வேண்டும். மறுநாள் காலையில் வீக்கமோ வலியோ கூடியிருந்தால் ஒரு படி இறங்க வேண்டும்.

அடுத்த பெரட்டில் இராசையா ஐயா, "ராசம்மா. தவறணை. கொந்தரப்பு," என்று முழங்கினார். அக்கா தலை நிமிர்ந்து போனாள். பிரச்சினை தீர்ந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? அவள் பத்து மணிக்கே எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு இன்னும் பை கேட்டாள். தவறணைக் கங்காணி புவாத் நானா மீதிப் பைகளை ஒளித்து வைக்க வேண்டியதாயிற்று. வேலை முடிந்தால் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார வேண்டும் என்பது மிஸ்ஸின் கட்டளை. அதன்படி கவிழ்த்த வாளியின் மேல் காலை நீட்டிக்கொண்டு அவள் தவறணை முழுவதையும் அதிகாரம் பண்ணினாள். தண்ணீர் ஊற்றுகிறவனுக்கு ஊற்றத் தெரியாது, வலை கட்டினவனுக்குக் கட்டத் தெரியாது. அவளைச் சீக்கிரம் மலைக்கு அனுப்பும்படி புவாத் நானா தினேஸிடம் கெஞ்சினாராம்.

ஆனாலும் அவள் மாறிக்கொண்டு வந்தாள். மத்தியானம் மலைக்கு வரும் கூத்து நின்றது. தினமும் விடிந்ததும் வாசல்படியில் உட்கார்ந்து, இரண்டு கணுக்காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். என்ன பார்க்கிறாய் என்றால், "காலுக்குப் பெரட்டு எடுக்கிறேன்," என்பாள். அரை நாள் முழு நாளாயிற்று. அதற்குப் பிறகு ரோட்டோரச் சமதரை மலையில் அரை நாள் கொழுந்து, அதிலும் சுமை கூடாது. அவளுடைய பையை நான்தான் நிறுவை மடுவக் கொட்டகைக்குத் தூக்கிப் போனேன். போகிற வழியெல்லாம், "சாய்க்காத, சாய்க்காத," என்று பின்னாலேயே வருவாள். கணுக்காலைப் பிடிக்கும் சப்பாத்து ஒன்றை வெலிமடைச் சந்தையில் தேடி வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அதற்கு அவள் சொன்ன நன்றி, நிறம் சரியில்லை என்பது.

ஒரு காலை என் கதவைத் தட்டினாள். கால் லேசாக வீங்கியிருந்தது.

"இன்னைக்குத் தவறணைக்கே போறேன். ரெண்டு நாள் இருந்துட்டு வாறேன்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? கால் சொல்லுது. தினேஸ் தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன்."

எனக்குச் சந்தோசம் பொங்கியது. காட்டிக்கொள்ளாமல், கதவைச் சாத்து, குளிர் வருகிறது என்றேன்.

கடைசியாகப் பத்தாம் நம்பர் மலைக்கு ஏறலாம் என்று வதனி மிஸ் எழுதிக் கொடுத்தார். முதல் ஒரு வாரம் அரை நாள், அரைப் பை. இங்கேதான் கொந்தரப்பு கைகொடுக்கவில்லை. கொழுந்து எடை போட்டுக் கணக்கெழுதுவது, அரை நாள் எடுத்தால் அரைப் பேர், அதில் வேறு வழி இல்லை. பெரட்டில் இராசையா ஐயா, "ராசம்மா. பத்தாம் நம்பர் மலை," என்று முழங்கிவிட்டு, மீதியைத் தன் சட்டைப் பொத்தானிடம் சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

அவள் ஏறினாள். சப்பாத்தைப் பக்கவாட்டில் வைத்து வைத்து, மிஸ் பழக்கிய மாதிரி. தன் நிரைக்குப் போய்ச் சேர்ந்ததும் கொஞ்ச நேரம் செடியைத் தொட்டுக்கொண்டு நின்றாள். பிறகு கை ஓட ஆரம்பித்தது. அந்த வேகம் எங்கேயும் போயிருக்கவில்லை. மத்தியானம் ஆக ஆக நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெயில் நன்றாக இருந்தது, கொழுந்து நன்றாக வந்திருந்தது, கால் நன்றாக இருப்பதாகவும் சொன்னாள். இவளை இப்போது இறக்க எந்தக் கொம்பனால் முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேரமானதும் அவள் பையை முடிந்தாள். யாரும் கூப்பிடாமல், யாரையும் பார்க்காமல் இறங்க ஆரம்பித்தாள். நான் என் பையைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன்.

மடுவத்தில் கொழுந்தை நிறுத்தார்கள். இராசையா ஐயா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவருக்கு வராத மெல்லிய குரலில் சொன்னார்.

"ராசம்மா, நான் முழுப் பேரே போட்டுர்றேன். நீ எடுக்குற வேகத்துக்கு யாரு கேக்கப்போறா?"

"எதுக்கு?" என்றாள் அக்கா. மடுவத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. "அரை நாள் ஏறுனேன், அரைப் பேர் போடுங்க. அதுவே எனக்கு இப்ப பெரிய பேரு."

அவர் எழுதினார். அவள் சரியாக எழுதுகிறாரா என்று எட்டிப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. அவள் அதைப் பார்த்துவிட்டு, "என்னடி அழுவுற, ஒனக்கு இன்னும் அரை நாள் கெடக்கு, போயிக் கொழுந்து எடு," என்று சொல்லிவிட்டு, தடியில்லாமல் லயத்தை நோக்கி நடந்தாள்.